ரூலரில் எந்த முக்கோணம் நகர்ந்தது? ஓர் ஆய்வேட்டில் பாராக்கள் விலகி நின்றதைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

மதுரைக்கு மேற்கே நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் டைப்பிங், பிரிண்ட், பைண்டிங் செய்யும் கடை எங்களுடையது. காமராசர் பல்கலைக்கழகம் அருகில் இருப்பதால் எங்களுக்கு வருவதில் பெரும்பகுதி ஆய்வேடுகள்தான். இங்கே எழுதுவது அப்படி வந்த ஒரு வணிகவியல் ஆய்வேட்டைப் பற்றி. ஆய்வாளர் ஒரு கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தவர். ஆய்வேடு ஆங்கிலத்தில், Times New Roman எழுத்தில், 12 பாயின்ட் அளவில் இருந்தது.

முதல் இரண்டு இயல்களை நாங்களே டைப் செய்து அமைத்திருந்தோம். பைண்டிங்குக்காக இடது மார்ஜின் ஒன்றரை அங்குலம், வலது மார்ஜின் ஓர் அங்குலம். உரையின் ஒவ்வொரு பாராவிலும் முதல் வரி மட்டும் அரை அங்குலம் உள்ளே தொடங்க வேண்டும். துணைநூற்பட்டியலில் இது தலைகீழ்: முதல் வரி மார்ஜினை ஒட்டி நிற்க, அடுத்த வரிகள் உள்ளே தள்ளி நிற்க வேண்டும். முதலாவதற்கு வேர்டில் First Line Indent என்றும் இரண்டாவதற்கு Hanging Indent என்றும் பெயர். இந்த ஆய்வேட்டுக்கு இரண்டுமே தேவைப்பட்டன. குழப்பத்துக்கு விதை அங்கேயே இருந்தது.

மீதி இயல்களை ஆய்வாளர் வீட்டில் தன் லேப்டாப்பில் எழுதினார். முழுக் கோப்பையும் அச்சடித்து நெறியாளரிடம் கொடுத்தபோது, மூன்றாம் இயலில் பாராக்கள் ஒழுங்கில்லாமல் விலகி நிற்கின்றன, துணைநூற்பட்டியல் பாதியிலிருந்து கோணலாக இருக்கிறது என்று எழுதித் திருப்பிவிட்டார். அந்தப் பிரதியும் பென் டிரைவுமாக ஆய்வாளர் கடைக்கு வந்தார்.

"அண்ணே, ரூலரைப் பிடிச்சு இழுத்தா எல்லாம் நேராயிரும்னு நினைச்சேன். இழுக்க இழுக்க இன்னும் மோசமாகுது" என்றார்.

"இனிமே இழுக்காதீங்க மேடம். முதல்ல என்ன நகர்ந்திருக்குன்னு பாத்துருவோம்" என்றேன்.

பார்த்தவை: ரூலர்

கோப்பைப் பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, View பட்டியில் Ruler என்பதை டிக் செய்தோம். பக்கத்தின் மேலே வரும் ரூலரின் இடது முனையில் மூன்று குறிகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். மேலே கீழ்நோக்கிய முக்கோணம். அது முதல் வரிக்கு மட்டும் உரியது. அதன் கீழே மேல்நோக்கிய முக்கோணம். அது இரண்டாம் வரியிலிருந்து பாரா முடியும் வரை எல்லா வரிகளுக்கும் உரியது. அதற்கும் அடியில் ஒரு சிறு கட்டம், Left Indent. அதைப் பிடித்து இழுத்தால் இரண்டு முக்கோணங்களும் தமக்குள் உள்ள இடைவெளி மாறாமல் சேர்ந்து நகரும், அதாவது முழுப் பாராவும் நகரும்.

இரண்டாம் இயலில் ஒரு பாராவில் கர்சரை வைத்தால் மேல் முக்கோணம் 0.5இலும் கீழ் முக்கோணம் 0இலும் நின்றன. நாங்கள் அமைத்தபடியே இருந்தது. மூன்றாம் இயலுக்குள் போனால் ஒரு பாராவுக்கு ஒரு நிலை.

சிலவற்றில் இரண்டு முக்கோணங்களும் 0.5இல் நேருக்கு நேர் நின்றன. முதல் வரி, மற்ற வரி என்ற வேறுபாடே இல்லாமல் பாரா முழுவதும் அரை அங்குலம் உள்ளே போயிருந்தது. நான்கைந்து பக்கங்களில் மேல் முக்கோணம் 0.5இலும் கீழ் முக்கோணம் 1இலும் இருந்தன. அங்கே உரை துணைநூற்பட்டியல் போலத் தொங்கியது. மீதியில் மேல் முக்கோணம் 1, கீழ் முக்கோணம் 0.5. இவை பார்வைக்குச் சரியான பாரா போலத்தான் இருந்தன. முழுவதும் அரை அங்குலம் தள்ளி இருப்பது, பக்கத்துப் பக்கத்தோடு ஒப்பிட்டால்தான் தெரிந்தது.

நடந்தது என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டோம். பைண்டிங்கில் எழுத்து மறைந்துவிடும், இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிவிடு என்று தோழி ஒருவர் சொல்லியிருக்கிறார். மார்ஜினிலேயே அதற்கு இடம் விட்டிருப்பது ஆய்வாளருக்குத் தெரியவில்லை. மூன்றாம் இயலைத் தேர்ந்தெடுத்துக் கீழ் முக்கோணத்தை 0.5 வரை இழுத்திருக்கிறார். அவர் பழகியது கல்லூரி லேபில் இருந்த லிப்ரே ஆபீஸில். அந்த ரைட்டரில் கீழ் முக்கோணத்தை இழுத்தால் மேல் முக்கோணமும் கூடவே வரும். வேர்டில் வராது. ஏற்கெனவே 0.5இல் நின்ற மேல் முக்கோணம் அங்கேயே நிற்க, கீழ் முக்கோணம் மட்டும் வந்து அதற்கு நேராகச் சேர்ந்துகொண்டது. முதல் வரி இடைவெளி மறைந்துபோனதற்குக் காரணம் இதுதான். முதல் வரியை அவர் தொடவே இல்லை. மற்ற வரிகள் அதை எட்டிப் பிடித்துவிட்டன. (கூகுள் டாக்ஸில் குறிகளின் அமைப்பே வேறு. அங்கே சிறு கட்டம் முதல் வரிக்கு, முக்கோணம் பாரா முழுமைக்கு. மூன்று மென்பொருளிலும் மாறி மாறி வேலை செய்பவர் கை தடுமாறுவதில் வியப்பில்லை.)

இடைவெளி போய்விட்டதே என்று, சில பக்கங்களில் அதே முக்கோணத்தை மறுபடி இழுத்துப் பார்த்திருக்கிறார். அது 1க்குப் போய் உரை தொங்கத் தொடங்கியது. அப்புறம் அதை விட்டுவிட்டு ஒவ்வொரு பாராவின் தொடக்கத்திலும் டேப் தட்டியிருக்கிறார்.

பார்த்தவை: கண்ணுக்குத் தெரியாத குறிகள்

டேப் தட்டிய பாராக்களில் ஒரு விசித்திரம் இருந்தது. பார்வைக்கு ஒரே மாதிரி இருந்த இரண்டு பாராக்களில், ஒன்றில் மேல் முக்கோணம் 1இல் நின்றது. மற்றதில் 0.5லேயே நின்றது. Ctrl+Shift+8 அழுத்தி மறைகுறிகளைக் காட்டச் செய்ததும் விடை கிடைத்தது. இரண்டாவதில் பாராவின் தொடக்கத்தில் ஒரு வலப்பக்க அம்புக்குறி, அதாவது ஒரு டேப் எழுத்து இருந்தது. முதலாவதில் இல்லை.

வேர்டில் AutoFormat As You Type என்ற பகுதியில், டேப்பாலும் பேக்ஸ்பேஸாலும் இன்டென்டை அமைக்கும் ஒரு தேர்வு உண்டு. அது இயங்கும் கணினியில், பாராவின் தொடக்கத்தில் டேப் தட்டினால் டேப் எழுத்து விழாது, மேல் முக்கோணம் நகரும். அது நிறுத்தப்பட்ட கணினியில் டேப் எழுத்தே விழும். அவர் பாதி வேலையைத் தன் லேப்டாப்பிலும் பாதியைத் தம்பியின் கணினியிலும் செய்திருந்தார். அதனால் ஒரே இயலில் இரண்டு வகையும் கலந்துவிட்டன.

நான்காம் இயலில் பேட்டிப் பதில்கள் இருந்தன. அங்கே முதல் பத்தி மட்டும் உள்ளே தொடங்க, அடுத்தடுத்த பத்திகள் மார்ஜினை ஒட்டி நின்றன. சில வரிகளில் சொற்களுக்கு நடுவே பெரிய பெரிய இடைவெளி வேறு. மறைகுறிகளில் பார்த்தால் பத்தி முடிவில் ¶ இல்லை, வளைந்த அம்புக்குறி ↵ இருந்தது. Shift+Enter அழுத்தினால் விழும் வரிமுறிவு அது. வெளியிலிருந்து எடுத்து ஒட்டிய உரையோடு வந்திருக்கிறது. நம் கண்ணுக்கு ஆறு பத்தி, வேர்டுக்கு அது ஒரே பாரா. ஒரே பாராவுக்கு ஒரே ஒரு முதல் வரிதானே இருக்க முடியும்? மற்ற ஐந்தும் அதன் கணக்கில் "அடுத்த வரிகள்". இரு பக்கமும் சமன் செய்த பாராவில் வரிமுறிவுக்கு முந்தைய அரைகுறை வரியையும் வேர்ட் மார்ஜின் வரை இழுத்து நீட்டும். சொற்கள் சிதறிக் கிடந்தது அதனால்தான். வரி இப்படி நீண்டு கிடந்தால் ரூலருக்குப் போகும் முன் மறைகுறிகளைப் பார்ப்பது நல்லது.

துணைநூற்பட்டியல்: நூறாவது பதிவிலிருந்து

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பட்டியலில் 137 பதிவுகள். தானியங்கி எண்ணை நிறுத்திவிட்டு, எண், புள்ளி, டேப், பிறகு ஆசிரியர் பெயர் என்று கையால் டைப் செய்திருந்தார். Hanging Indent கால் அங்குலம். 99 வரை எல்லாம் அழகாக இருந்தது. 100இலிருந்து முதல் வரியில் ஆசிரியர் பெயர் அரை அங்குலத்தில் தொடங்கியது, அடுத்த வரிகள் கால் அங்குலத்திலேயே நின்றன. யாரோ அந்த 38 பதிவுகளுக்கு மட்டும் முதல் வரியை நகர்த்திவிட்டதுபோலத் தோன்றும். ஆய்வாளரும் அப்படித்தான் நினைத்தார். மேல் முக்கோணத்தை இடப்பக்கம் இழுத்துப் பார்த்திருக்கிறார். எண் மார்ஜினைத் தாண்டி வெளியே போனதே தவிர, எல்லாம் ஒரே நேர்கோட்டுக்கு வரவில்லை. மறுபடி 0க்கே கொண்டுவந்துவிட்டார்.

99இல் கர்சரை வைத்தோம். மேல் முக்கோணம் 0, கீழ் முக்கோணம் 0.25. 100இல் வைத்தோம். அதே 0, அதே 0.25. இந்த ஒரு சோதனையே காரணத்தை இரண்டாகப் பிரித்துவிடும். நேராக உள்ள பாராவிலிருந்து கோணலான பாராவுக்குக் கர்சரை மாற்றும்போது ரூலர் குறிகள் நகர்ந்தால் சிக்கல் இன்டென்டில் இருக்கிறது. நகராவிட்டால் இன்டென்டைத் தொடவே கூடாது. காரணம் உரைக்குள், டேப்பாகவோ ஸ்பேஸாகவோ வரிமுறிவாகவோ இருக்கிறது.

இங்கே காரணம் டேப். தொங்கும் பாராவில் கீழ் முக்கோணம் இருக்கும் இடமே ஒரு டேப் நிறுத்தமாகவும் வேலை செய்யும். எண்ணுக்குப் பின் டேப் தட்டினால் பெயர் சரியாக அங்கே போய் நிற்பது அதனால்தான். ஆனால் எண் அந்த இடத்தைத் தாண்டாமல் இருக்க வேண்டும். 12 பாயின்ட் Times New Roman எழுத்தில் ஓர் இலக்கம் 6 பாயின்ட் அகலம், புள்ளி 3 பாயின்ட். "99." என்பதற்கு 15 பாயின்ட். "100." என்பதற்கு 21. கால் அங்குலம் என்பது 18 பாயின்ட். ஆக 100வது எண்ணே அந்த நிறுத்தத்தைத் தாண்டிவிட்டது. அதன் பின் வரும் டேப், அடுத்த நிறுத்தத்தைத் தேடி வேர்டின் வழக்கமான அரை அங்குல நிறுத்தத்துக்குப் போய்விட்டது. யாரும் எதையும் நகர்த்தவில்லை, எண் பெரிதாகிவிட்டது. அவ்வளவுதான்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

கடையில் வேலை பார்க்கும் தம்பி முதலில் சொன்ன யோசனை, Ctrl+A அழுத்தி முழுவதையும் தேர்ந்தெடுத்து, Ctrl+Q அழுத்திவிடலாம் என்பது. பாராவில் நேரடியாகச் செய்த அமைப்புகளை எல்லாம் நீக்கி ஸ்டைலில் உள்ளதற்கே திருப்பும் கட்டளை அது. பிரதியில் செய்து காட்டினார். தவறான இன்டென்ட்கள் போயின, ஆனால் வேண்டிய முதல் வரி இடைவெளியும் சேர்ந்தே போய்விட்டது. கூடவே, கையால் நடுவில் நிறுத்தியிருந்த இயல் தலைப்புகள் எல்லாம் இடப்பக்கம் ஓடிவிட்டன, இரட்டை வரி இடைவெளியும் போய்விட்டது. Ctrl+Z அடித்துத் திரும்பினோம். Ctrl+Q நல்ல கருவிதான், ஆனால் எந்தப் பாராக்களுக்கு என்று தேர்ந்தெடுத்துக்கொண்டு செய்ய வேண்டியது.

ரூலரில் ஒவ்வொன்றாக இழுத்துச் சரிசெய்வதையும் வேண்டாம் என்று விட்டோம். 46 பக்க இயலில் கை ஒரே இடத்தில் நிற்காது. ஒரு பாரா 0.5, இன்னொன்று 0.48 என்று ஆகும். தவிர, இந்த மூன்று குறிகளும் 0இல் சேர்ந்திருக்கும்போது மார்ஜின் எல்லையும் அதே இடத்தில் இருக்கும். கொஞ்சம் தவறினால் குறிக்குப் பதில் மார்ஜினே இழுபடும். ரூலரில் இழுத்தே ஆக வேண்டும் என்றால், மௌஸை வைத்துப் பெயர் தோன்றும்வரை பொறுத்து, Alt விசையை அழுத்திக்கொண்டு இழுத்தால் அளவு எண்ணாகத் தெரியும்.

ஆகவே ஸ்டைல் வழியாகப் போனோம். உரை முழுவதும் Normal ஸ்டைலில் இருந்தது. Normal ஸ்டைலையே மாற்றி முதல் வரியை 0.5 ஆக்கினால் வேலை ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். ஆனால் அட்டவணைக்குள் இருக்கும் உரையும் Normal ஸ்டைலில்தான் இருந்தது. ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் எழுத்து அரை அங்குலம் தள்ளிப்போயிருக்கும். அதனால் Body Text ஸ்டைலை எடுத்து, Modify, Format, Paragraph என்று உள்ளே போய், Left 0, Special என்ற இடத்தில் First line, அளவு 0.5, இரட்டை வரி இடைவெளி என்று அமைத்தோம்.

அதை இடுவதற்கு முன் உரைக்குள் இருந்த குப்பைகளை நீக்கினோம். நான்காம் இயலின் பேட்டிப் பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து, Replace பெட்டியில் வரிமுறிவைப் பாரா முடிவாக மாற்றினோம். மூன்றாம் இயலில் பாரா தொடக்கத்து டேப்களை நீக்கினோம்.

```
Find: ^l      Replace: ^p
Find: ^p^t    Replace: ^p
```

இரண்டையும் முழுக் கோப்புக்கும் செய்யவில்லை. முகப்புப் பக்கத்திலும் பின்னிணைப்பு வினாநிரலிலும் வரிமுறிவுகள் வேண்டுமென்றே போட்டவை.

துணைநூற்பட்டியலில் மட்டும் ரூலரையே பயன்படுத்தினோம். 137 பதிவுகளும் ஒரே அமைப்பில் இருந்ததால் அங்கே அது பாதுகாப்பானது. எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்துக் கீழ் முக்கோணத்தை 0.25இலிருந்து 0.5க்கு இழுத்தோம். மேல் முக்கோணம் 0லேயே நின்றது. அரை அங்குலம் என்பது 36 பாயின்ட், மூன்று இலக்க எண் தாராளமாக அடங்கும். மூன்றாம் இயலைக் கெடுத்த அதே முக்கோணம்தான் இங்கே சரியான கருவி.

அதன் பின் நடந்தது

ஸ்டைலை இட்டதும் மூன்றாம் இயல் ஒழுங்குக்கு வந்தது. ஆய்வாளர் வீட்டுக்குப் போய்ச் சரிபார்த்துவிட்டுப் போன் செய்தார். இரண்டு பாரா இன்னும் தொங்குவதாகச் சொன்னார். Paragraph பெட்டியைத் திறந்து படிக்கச் சொன்னேன்.

"Left 0.5, Hanging 0.5ன்னு இருக்குண்ணே. ஆனா ரூலர்ல கீழ் முக்கோணம் 1ல நிக்குது. எது சரி?"

இரண்டும் சரிதான். தொங்கும் பாராவில் அந்தப் பெட்டியின் Left என்பது முதல் வரி தொடங்கும் இடம். Hanging என்பது அதிலிருந்து மற்ற வரிகள் எவ்வளவு தள்ளி என்பது. அரையும் அரையும் சேர்ந்து ஒன்று. ரூலர் இறுதி இடத்தைக் காட்டுகிறது, பெட்டி கூட்ட வேண்டிய இரண்டு எண்களைக் காட்டுகிறது. அந்த இரண்டு பாராக்களும் அட்டவணைக்குக் கீழே தனியாக இருந்ததால், நாங்கள் தேர்ந்தெடுத்தபோது விடுபட்டவை. Body Text ஸ்டைலை இடச் சொன்னேன், சரியாகிவிட்டது.

எதிர்பாராத ஒன்று பக்க எண்ணில் வந்தது. ஏ4 தாளில் இந்த மார்ஜின்களுக்கு நடுவே உரைக்குக் கிடைப்பது ஏறத்தாழ 5.77 அங்குலம். அதில் அரை அங்குலம் வீணாகிக்கொண்டிருந்தது. அது திரும்பக் கிடைத்ததும் மூன்றாம் இயல் 46 பக்கத்திலிருந்து 43 ஆகிவிட்டது. அதன் பின் வரும் எல்லாப் பக்க எண்களும் மாறின. பொருளடக்கமும் அட்டவணைப் பட்டியலும் கையால் டைப் செய்தவை. இரண்டையும் புதிதாக எண் போட வேண்டியதாயிற்று. சொல்லப்போனால் அதற்கு ஆன நேரம் இன்டென்டைச் சரிசெய்ய ஆனதைவிட அதிகம்.

திருத்திய பிரதியை நெறியாளர் ஏற்றுக்கொண்டார். நான்காம் இயலில் ஓர் இடத்தில் மட்டும் பென்சில் குறி இருந்தது. வரிமுறிவுகளை மாற்றியபோது, ஒரு பேட்டிப் பதிலின் நடுவே இருந்த முகவரியின் ஒவ்வொரு வரியும் தனிப் பாராவாகி அரை அங்குலம் உள்ளே போயிருந்தது. அந்த நான்கு வரிகளைத் திரும்ப Shift+Enter கொண்டு சேர்த்தோம்.

இனி மாற்றிச் செய்வது

கோப்பு கைக்கு வந்ததும் ரூலரையும் மறைகுறிகளையும் காட்டச் செய்துவிட்டுத்தான் இப்போது பார்க்கிறோம். கோணலான பாராவிலும் நேரான பாராவிலும் மாறி மாறிக் கர்சரை வைத்து, குறிகள் நகர்கின்றனவா என்று பார்ப்பது முதல் வேலை. திருத்தும் முறை அதற்குப் பிறகே முடிவாகிறது.

எங்களிடமிருந்து ஆய்வாளர்களிடம் போகும் கோப்பில் உரைக்கு Body Text, துணைநூற்பட்டியலுக்கு அரை அங்குலம் தொங்கும் தனி ஸ்டைல் இரண்டையும் முன்பே வைத்து அனுப்புகிறோம். பைண்டிங்குக்கான இடம் மார்ஜினில் ஏற்கெனவே இருக்கிறது, உரையைத் தள்ள வேண்டாம் என்று வாயாலும் சொல்லிவிடுகிறோம். பொருளடக்கத்தைத் தலைப்பு ஸ்டைல்களிலிருந்து வேர்டே உருவாக்கும்படி அமைக்கிறோம். பக்கம் மாறினால் பொருளடக்கத்தில் கர்சரை வைத்து F9 அழுத்தினால் போதும்.

ஒன்று மட்டும் இன்னும் கையில் அடங்கவில்லை. பிரவுசரில் புதிய டேப் திறக்க Ctrl+T அழுத்திப் பழகியவர்கள் வேர்டிலும் அதையே அழுத்திவிடுகிறார்கள். வேர்டில் அது Hanging Indent கட்டளை. ஒவ்வொரு அழுத்தலுக்கும் கீழ் முக்கோணம் ஒரு நிறுத்தம் உள்ளே போகும். ரூலரை யாரும் தொடவே இல்லை என்று சத்தியம் செய்பவர்களின் கோப்பில் ஒரே ஒரு பாரா மட்டும் தொங்கினால், நான் முதலில் அதைத்தான் சந்தேகிக்கிறேன். Ctrl+Shift+T அழுத்தினால் அதே அளவு வெளியே வந்துவிடும்.